38 எம்.பி. காலி, ஆனால் 256 கே.பி. இல்லை: நினைவகச் சிதறல் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

## பின்னணி

மோட்டார்களின் அதிர்வைப் பதிவு செய்யும் ஒரு சிறு கருவி. 32-பிட் ஏ.ஆர்.எம். சிப், 256 எம்.பி. ராம், லினக்ஸ் 5.4 கெர்னல். எட்டு சேனல்கள், ஒவ்வொன்றிலும் நொடிக்கு 25,600 அளவீடுகள், அளவீடு ஒன்றுக்கு 2 பைட். அதாவது நொடிக்கு 4,09,600 பைட் உள்ளே வருகிறது. டி.எம்.ஏ. வழியாக இந்தத் தரவு நேராக நினைவகத்தில் இறங்கும். அதற்காக ட்ரைவர் எட்டு பஃபர்கள் வைத்திருக்கிறது. ஒரு பஃபர் 128 கே.பி., அது நிரம்ப 0.32 நொடி ஆகும். எட்டும் சேர்ந்தால் இரண்டரை நொடிக்கான தரவைத் தாங்கும்.

பதிவு நிரல் சாதனக் கோப்பைத் திறக்கும்போது ட்ரைவர் இந்த எட்டு பஃபர்களையும் கேட்டு வாங்கும். மூடும்போது திருப்பிக் கொடுத்துவிடும். அளவீட்டு வேகத்தை மாற்ற வேண்டுமானால் மூடித் திறக்க வேண்டும். வடிவமைத்தபோது இது சிக்கனமாகத் தெரிந்தது. பழுது நுழைந்ததும் இதே வாசல் வழியாகத்தான்.

ஓராண்டுக்கு மேல் சிக்கலின்றி ஓடிய கருவிகளுக்கு ஒரு புதிய மென்பொருள் பதிப்பு போனது. அதில் ட்ரைவர் சம்பந்தப்பட்ட மாற்றம் ஒன்றே ஒன்றுதான்: ஒவ்வொரு பஃபரின் தலையிலும் நேரமுத்திரையும் வரிசை எண்ணும் கொண்ட 64 பைட் ஹெடர் சேர்ந்தது.

## பதினோராம் நாள்

புதிய பதிப்பு ஏறிய கருவி ஒன்று, எழுந்து பதினோரு நாள் கழித்து, வேகத்தை மாற்றச் சொன்னபோது பதிவை நிறுத்தியது, மீண்டும் தொடங்கவில்லை. கெர்னல் லாகில் இருந்த வரி:

```
page allocation failure: order:6, mode:0x40cc0(GFP_KERNEL|__GFP_COMP)
```

மறுதொடக்கம் செய்ததும் எல்லாம் சரியானது. அடுத்த வாரத்தில் இன்னும் மூன்று கருவிகள் இதே வரியோடு நின்றன. நான்குமே எழுந்து ஒன்பது நாளுக்கு மேல் ஆனவை. நான்கிலும் பழுது தெரிந்தது மூடித் திறந்த நேரத்தில்தான். திறந்தபடியே ஓடிக்கொண்டிருந்த கருவிகளில் யாரும் எதையும் கவனிக்கவில்லை. பஃபர்கள் ஏற்கெனவே கையில் இருக்கும்வரை புதிதாகக் கேட்க வேண்டிய தேவையே வருவதில்லை.

## முதல் சந்தேகம் தவறானது

நினைவகம் ஒதுக்க முடியவில்லை என்று கெர்னல் சொன்னால் முதலில் தோன்றுவது மெமரி லீக். குழுவும் இரண்டு நாள் அதைத்தான் துரத்தியது. ஆனால் `/proc/meminfo`-வின் `MemAvailable` பதினோரு நாளும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருந்தது. லீக் என்றால் அது நாளுக்கு நாள் இறங்கியிருக்க வேண்டும். நின்றுபோன ஒரு கருவியை மறுதொடக்கம் செய்யாமல் வைத்துப் பார்த்தபோது காலி நினைவகம் மட்டுமே 38 எம்.பி. இருந்தது.

கேச்சைக் காலி செய்து பார்த்தார்கள். `echo 3 > /proc/sys/vm/drop_caches` கொடுத்ததும் காலியிடம் 61 எம்.பி.யாக உயர்ந்தது. திறந்தால் அதே பிழை. ட்ரைவர் மூன்று பஃபர்களை வாங்கி, நான்காவதில் தோற்று, மூன்றையும் திருப்பிக் கொடுத்திருந்தது. எவ்வளவு காலியாக இருக்கிறது என்ற கேள்வியை அந்த இடத்தில் கைவிட்டு, எந்த உருவில் காலியாக இருக்கிறது என்று பார்க்கத் தொடங்கினார்கள்.

## காலியிடத்தின் உருவம்

கேச்சைத் தொடுவதற்கு முன் எடுத்து வைத்திருந்த `/proc/buddyinfo` இது:

```
Node 0, zone Normal  1870 1240 610 214 57 9 0 0 0 0 0
```

இதில் பதினோரு எண்கள், ஆர்டர் 0 முதல் ஆர்டர் 10 வரை. ஆர்டர் 0 என்பது ஒரு பக்கம், 4 கே.பி. ஒவ்வொரு படிக்கும் அளவு இரட்டிக்கும்: ஆர்டர் 1 என்றால் 8 கே.பி., ஆர்டர் 5 என்றால் 128 கே.பி., ஆர்டர் 6 என்றால் 256 கே.பி. ஆக, முதல் எண்ணின் பொருள், தன்னந்தனியாக 1,870 பக்கங்கள் காலி. ஆறாவது எண்ணின் பொருள், 128 கே.பி. துண்டுகள் 9 காலி. ஏழாவது எண்ணிலிருந்து சுழியம்.

கூட்டிப் பார்த்தால் 9,702 பக்கங்கள், 38,808 கே.பி. 256 கே.பி. வீதம் 151 பஃபர்களுக்குப் போதுமான இடம். ஆனால் ஒன்றுக்குக்கூட ஒட்டியபடி இல்லை. காலியிடம் மொத்தத்தில் போதும், தொடர்ச்சியாகத்தான் இல்லை என்ற இந்த நிலைதான் வெளிச் சிதறல், எக்ஸ்டெர்னல் ஃபிராக்மென்டேஷன். எடுத்துக் கொடுக்கப்பட்ட துண்டுகளுக்கு வெளியே, அவற்றின் இடுக்குகளில் இடம் வீணாகிறது.

இதற்குக் கெர்னலே ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது. `/sys/kernel/debug/extfrag/extfrag_index` கோப்பில் ஒவ்வொரு ஆர்டருக்கும் ஓர் எண் வரும். சுழியத்தை நெருங்கினால் நினைவகமே போதவில்லை என்று பொருள். 1-ஐ நெருங்கினால் நினைவகம் இருக்கிறது, சிதறிக் கிடக்கிறது என்று பொருள். -1 என்றால் அந்த ஆர்டரில் இப்போது கேட்டாலும் கிடைக்கும். இந்தக் கருவியில் ஆர்டர் 6-க்கு 0.962 என்று இருந்தது. முதல் நாளே இதைப் பார்த்திருந்தால் லீக் தேடிய இரண்டு நாள் மிச்சமாகியிருக்கும்.

அதே கோப்பில் ஆர்டர் 5-க்கு -1.000. இது யோசிக்க வைத்தது. 128 கே.பி. துண்டுகள் ஒன்பது இருக்கின்றன. தேவை எட்டு.

## 64 பைட் செய்த வேலை

ட்ரைவரில் இருந்த வரி இதுதான்:

```c
buf[i] = kmalloc(sizeof(struct frame_hdr) + 131072, GFP_KERNEL);
```

பழைய பதிப்பில் ஹெடர் இல்லை. கேட்டது 1,31,072 பைட், துல்லியமாக 32 பக்கம், ஆர்டர் 5. கொடுத்ததும் அதுவே, ஒரு பைட்கூட வீணில்லை. புதிய பதிப்பில் கேட்டது 1,31,136 பைட், 33 பக்கம். இத்தனை பெரிய கோரிக்கையை `kmalloc` நேராகப் பக்க ஒதுக்கியிடம் தள்ளிவிடும். அதற்கு இரண்டின் அடுக்குகள் மட்டுமே தெரியும். 33 பக்கத்துக்கு அடுத்த அடுக்கு 64. ஆகவே 64 பைட் கூடுதலாகக் கேட்டதற்கு 256 கே.பி. கொடுக்கப்பட்டது. அதில் 1,31,008 பைட்டை யாரும் தொடுவதே இல்லை.

கொடுத்த துண்டுக்குள்ளேயே பயன்படாமல் கிடக்கும் இந்த இடம்தான் உள் சிதறல், இன்டெர்னல் ஃபிராக்மென்டேஷன். எட்டு பஃபர்களுக்கும் சேர்த்து 10,48,064 பைட், ஏறக்குறைய ஒரு எம்.பி. 256 எம்.பி. கருவியில் ஒரு எம்.பி. வீணாவதை ஒருவரும் பொருட்படுத்தியிருக்க மாட்டார்கள். விரயத்தின் அளவு இங்கே பிரச்சினையே இல்லை. அது கோரிக்கையை ஒரு படி மேலே தூக்கிவிட்டது; அந்தப் படியில் காலித் துண்டு ஒன்றும் இல்லை. பாடநூல்கள் இரண்டு சிதறல்களையும் தனித்தனி அட்டவணையில் போடுவது வழக்கம். இந்தக் கருவியில் உள் சிதறல்தான் வெளிச் சிதறலைப் பழுதாக மாற்றியது.

`alloc_pages_exact` இதற்குத் தீர்வாகுமா என்ற கேள்வி எழுந்தது. அது 64 பக்கத்தை வாங்கி, தேவைப்படாத 31-ஐ உடனே திருப்பிக் கொடுக்கும். உள் விரயம் போய்விடும். ஆனால் கேட்கும் அந்தக் கணத்தில் 64 பக்கமும் ஒட்டியபடி இருந்தாக வேண்டும். எனவே வெளிச் சிதறலுக்கு அதனால் பயனில்லை, கைவிடப்பட்டது.

## பயனர் நிரல்கள் ஏன் பாதிக்கப்படவில்லை

அதே கருவியில், அதே நிலையில், ஒரு சிறு நிரல் `malloc` மூலம் 20 எம்.பி. கேட்டது, கிடைத்தது. கேட்பதோடு நிறுத்தினால் லினக்ஸ் உண்மையில் இடம் கொடுக்காது என்பதால், ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு பைட் எழுதியும் பார்த்தார்கள். 5,120 பக்கங்களும் தடையின்றி வந்தன. 256 கே.பி. கிடைக்காத இடத்தில் 20 எம்.பி. கிடைக்கிறது.

இங்கே பேஜிங் வேலை செய்கிறது. நிரலின் கண்ணுக்கு முகவரிகள் தொடர்ச்சியானவை. பின்னால் ஒவ்வொரு 4 கே.பி. பக்கமும் ராமில் எந்த மூலையிலும் இருக்கலாம். பக்க அட்டவணை இரண்டையும் இணைத்துவிடும். எல்லாத் துண்டும் ஒரே அளவு என்பதால், காலியான எந்தச் சட்டகமும் எந்தக் கோரிக்கைக்கும் பொருந்தும். அதனால் நிரல்களுக்கு வெளிச் சிதறல் என்ற ஒன்று கிடையாது. அதற்குக் கொடுக்கும் விலை உள் சிதறல்: கடைசிப் பக்கத்தில் மிஞ்சுவது, ஒரு கோரிக்கைக்கு அதிகபட்சம் 4,095 பைட்.

ட்ரைவருக்கு இந்த வசதி இல்லை. `kmalloc` கொடுக்கும் முகவரி ராமின் உண்மை முகவரியோடு நேர்க்கோட்டில் பிணைந்தது. டி.எம்.ஏ. பொறியும் பக்க அட்டவணையைப் பார்க்காது. கொடுத்த முகவரியிலிருந்து நேராக எழுதிக்கொண்டே போகும். டி.எம்.ஏ.வுக்கும் அட்டவணை வைக்கும் ஐ.ஓ.எம்.எம்.யு. என்ற பாகம் சில சிப்களில் உண்டு. இந்தச் சிப்பில் இல்லை.

## முதல் முடிவு: காம்பாக்‌ஷன்

களத்தில் நின்றுபோன கருவிகளை உடனே எழுப்ப வேண்டியிருந்தது. ட்ரைவரை மாற்றிச் சோதித்து அனுப்ப மூன்று வாரமாவது ஆகும். அதுவரைக்கும் கெர்னலின் காம்பாக்‌ஷனைக் கையால் இயக்குவது என்று முடிவானது.

```
echo 1 > /proc/sys/vm/compact_memory
```

2010-இல் 2.6.35 பதிப்போடு லினக்ஸில் வந்த வசதி இது. இரண்டு பார்வைகள் எதிரெதிர் முனையிலிருந்து நகரும். ஒன்று நினைவகப் பகுதியின் அடியிலிருந்து மேலேறி, பயன்பாட்டில் உள்ள, நகர்த்தக்கூடிய பக்கங்களைப் பொறுக்கும். மற்றொன்று உச்சியிலிருந்து கீழிறங்கி, காலிப் பக்கங்களைப் பொறுக்கும். முன்னதன் உள்ளடக்கம் பின்னதற்கு நகலாகும். அந்தப் பக்கத்தைச் சுட்டும் அட்டவணைப் பதிவு புதிய இடத்துக்குத் திருத்தப்படும். இரண்டு பார்வையும் சந்திக்கும் இடத்தில் வேலை முடியும். பயன்பாடு மேலே ஒதுங்க, காலியிடம் கீழே சேர்கிறது.

மேலே சொன்ன அதே கருவியில் அதன் பிறகு:

```
Node 0, zone Normal  381 410 260 130 74 38 21 9 4 1 0
```

கூட்டினால் 9,713 பக்கம். காலியிடம் கூடவில்லை, முன்பிருந்ததுதான். ஆனால் ஆர்டர் 6-லும் அதற்கு மேலும் இருப்பவற்றை 256 கே.பி. துண்டுகளாக எண்ணினால் 63. ட்ரைவர் உடனே திறந்தது.

ஒதுக்கீடு தோற்கும்போது கெர்னல் தானாகவே காம்பாக்‌ஷன் செய்து பார்க்குமே, அப்போது ஏன் முடியவில்லை என்று குழுவில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. தானாக நடப்பது அரைமனதான முயற்சி. முந்தைய சுற்றில் பயனில்லை என்று குறித்து வைத்த பகுதிகளை அது தாண்டிப் போய்விடும். அடுத்தடுத்துத் தோற்றால் அதிகபட்சம் 64 கோரிக்கைகள் வரை முயற்சியையே தள்ளிப்போடும். ஆர்டர் 3-க்கு மேலான கோரிக்கைகளைச் செலவுமிக்கவை என்று வகைப்படுத்தி, அவற்றுக்காக நெடுநேரம் போராடாமல் கைவிடும். கையால் கட்டளையிட்டால் இந்தத் தயவு எதுவும் இல்லை; முழுப் பகுதியையும் ஒன்றுவிடாமல் வருடும். அதற்குச் சுமார் 300 மில்லிநொடி ஆனது. பஃபர்கள் இரண்டரை நொடி தாங்குபவை என்பதால் தரவு இழப்பு இல்லை.

ஆறு கருவிகளில் இந்தக் கட்டளை மணிக்கொரு முறை ஓடும்படி `cron`-இல் போடப்பட்டது.

## அது தேய்ந்த விதம்

முதல் பத்து நாள் சிக்கலில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் கிடைக்கும் 256 கே.பி. துண்டுகளின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. இருபத்தெட்டாம் நாள் ஒரு கருவியில் காம்பாக்‌ஷன் முடிந்த பிறகும் ஐந்துதான் இருந்தன. தேவை எட்டு. முப்பது நாளுக்குள் ஆறில் இரண்டு பழைய பிழையோடு நின்றன.

காரணம் `/proc/pagetypeinfo`-வில் தெரிந்தது. லினக்ஸ் நினைவகத்தைப் பெரிய கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் நகரும் பக்கங்களுக்கானது, நகராப் பக்கங்களுக்கானது என்று வகைப்படுத்தி வைக்கிறது. இந்தக் கருவியில் ஒரு கட்டம் 4 எம்.பி., மொத்தம் 64 கட்டங்கள். எழுந்த புதிதில் நகராதவை என்று குறிக்கப்பட்டவை 9. முப்பதாம் நாள் 26.

நிரல்களின் பக்கங்களும் கோப்புக் கேச்சும் நகரக்கூடியவை, ஏனென்றால் அவற்றை எட்ட அட்டவணை என்ற இடைத்தரகர் இருக்கிறார். அட்டவணையைத் திருத்தினால் போதும். கெர்னல் தனக்காக எடுத்துக்கொண்டவை அப்படியல்ல. பக்க அட்டவணைகள், கெர்னல் அடுக்குகள், நெட்வொர்க் பஃபர்கள், கோப்புப் பெயர்களை நினைவில் வைக்கும் சிறு பொருள்கள் ஆகியவற்றின் நேர் முகவரி எங்கெங்கோ சுட்டிகளில் எழுதப்பட்டிருக்கிறது. அவற்றையெல்லாம் தேடித் திருத்த வழியில்லை, ஆகவே நகர்த்தவும் வழியில்லை. நகராதவற்றுக்கான கட்டங்களில் இடம் தீர்ந்த கணத்தில் கெர்னல் பக்கத்துக் கட்டத்தைப் பிடித்துக்கொள்ளும். இந்தக் கருவி இரவில் பதிவுகளைச் சுருக்கி நெட்வொர்க்கில் அனுப்பும். அந்த அரை மணி நேரத்தில்தான் பெரும்பாலான பிடித்தல்கள் நடந்தன. வேலை முடிந்ததும் அவற்றில் பெரும்பகுதி விடுவிக்கப்படும். ஓரிரண்டு பக்கம் மட்டும் ஆணி அடித்ததுபோல் அங்கேயே தங்கிவிடும்.

ஒரு 4 எம்.பி. கட்டத்தில் 256 கே.பி. துண்டுகள் பதினாறு. ஒவ்வொன்றிலும் நகராத பக்கம் ஒன்று தங்கினால் போதும். பதினாறே பக்கம், 64 கே.பி., ஒரு முழுக் கட்டத்தை இந்த ட்ரைவருக்கு உதவாமல் செய்துவிடும். காம்பாக்‌ஷனை எத்தனை முறை இயக்கினாலும் அந்தப் பதினாறும் அசையா. அதாவது காம்பாக்‌ஷனும் பேஜிங்கின் தோள்மேல் நின்றுதான் வேலை செய்கிறது. அட்டவணை இல்லாத இடத்தில் அதற்குக் கையில்லை.

5.9 பதிப்பில் வந்த, பின்னணியில் முன்கூட்டியே இறுக்கும் `compaction_proactiveness` பற்றியும் பேச்சு வந்தது. கெர்னலை மாற்றுவது பெரிய வேலை என்பது ஒருபுறம். அதுவும் நகர்த்தக்கூடியதைத்தான் நகர்த்தும் என்பதால் இந்த ஆணிகளுக்கு அது மருந்தல்ல என்று விடப்பட்டது.

## இரண்டாம் முடிவு: ஹெடரைப் பிரித்தல்

இதற்குள் ட்ரைவரின் முதல் திருத்தம் தயாரானது. இரண்டே மாற்றங்கள். ஹெடரைத் தரவிலிருந்து பிரித்து, எட்டு ஹெடர்களையும் ஒரே பக்கத்தில் வைத்தார்கள். தரவுக்கான கோரிக்கை மறுபடி 32 பக்கம், ஆர்டர் 5 ஆனது. அடுத்து, பஃபர்களை ட்ரைவர் ஏறும்போதே வாங்கி, மூடினாலும் விடாமல் வைத்துக்கொண்டது. எழுந்த புதிதில் நினைவகம் முழுத் துண்டுகளாக இருக்கும். அப்போது வாங்கியதைத் திருப்பிக் கொடுக்காவிட்டால் பிறகு தேட வேண்டியதில்லை.

ஹெடர்களை நெருக்கி வைக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டியிருந்தது. டி.எம்.ஏ. எழுதிய இடத்தின் கேச் வரியை ட்ரைவர் செல்லாததாக்கும். இரண்டு ஹெடர்கள் ஒரே கேச் வரியைப் பகிர்ந்தால் ஒன்றுக்காகச் செய்வது மற்றதன் உள்ளடக்கத்தை அழிக்கும். இந்தச் சிப்பில் கேச் வரி 64 பைட், ஹெடரும் 64 பைட். 64-இன் மடங்கில் தொடங்கும்படி வைத்ததால் தப்பியது. ஹெடர் 48 பைட்டாக இருந்திருந்தால் இட்டு நிரப்ப வேண்டியிருந்திருக்கும். அதுவும் உள் சிதறல்தான், வேண்டுமென்றே ஏற்பது.

இந்த அளவில் நிறுத்தியிருந்தாலும் களப் பழுது தீர்ந்திருக்கும். நிறுத்தாததற்குக் காரணம் நொடிக்கு 1,02,400 அளவீடுகள் என்ற புதிய தேவை. நான்கு மடங்கு வேகத்தில் எட்டு பஃபர்கள் 0.64 நொடிதான் தாங்கும். பழைய தாங்குதிறனுக்கு 32 பஃபர்கள், 4 எம்.பி. வேண்டும். எல்லாக் கருவியிலும் எப்போதும் 4 எம்.பி.யைப் பிடித்து வைப்பது சரியாகப் படவில்லை. பூட்டின்போதே `cma=8M` என்று ஒதுக்கலாம் என்பதும் பரிசீலிக்கப்பட்டது. அந்த இடத்தை மற்ற நேரத்தில் நகரும் பக்கங்கள் பயன்படுத்திக்கொள்ளும், கேட்கும்போது காலி செய்து தரும். நல்ல வழிதான். ஆனால் களத்துக்குப் போகும் புதுப்பிப்பால் பூட் அளவுருக்களைத் தொட முடியாது என்பதால் விடப்பட்டது.

## மூன்றாம் முடிவு: பக்கம் பக்கமாக வாங்குதல்

டி.எம்.ஏ. பொறியின் கையேட்டில் விவரிப்புச் சங்கிலி என்ற வசதி இருந்தது. ஒரு விவரிப்பில் ஒரு முகவரி, ஒரு நீளம், அடுத்த விவரிப்பின் இடம். முதல் பகுதி நிரம்பியதும் பொறி தானே அடுத்த முகவரிக்குத் தாவும். பக்க அட்டவணையின் வேலையை டி.எம்.ஏ.வுக்குச் செய்து கொடுக்கும் ஏழையின் பேஜிங் என்று இதைச் சொல்லலாம். ஆகவே 128 கே.பி.யை ஒரே துண்டாகக் கேட்கத் தேவையே இல்லை:

```c
for (p = 0; p < 32; p++) {
	pages[p] = alloc_page(GFP_KERNEL);
	if (!pages[p])
		goto undo;
}
va = vmap(pages, 32, VM_MAP, PAGE_KERNEL);
```

எல்லாக் கோரிக்கையும் ஆர்டர் 0. காலியான எந்தப் பக்கமும் பொருந்தும். கெர்னலுக்குள் அவற்றைத் தொடர்ச்சியாகப் படிக்க `vmap`. பொறிக்குக் கொடுக்க `sg_alloc_table_from_pages`. `vmap` தரும் முகவரி கெர்னலின் கண்ணுக்கு மட்டுமே தொடர்ச்சி. அதன் முதல் பக்கத்தின் உண்மை முகவரியை எடுத்து, நீளம் 128 கே.பி. என்று பொறியிடம் கொடுத்தால், முதல் 4,096 பைட்டுக்குப் பிறகு பொறி யாருடைய பக்கத்தில் எழுதும் என்று சொல்ல முடியாது. இது மதிப்பாய்வில் தனியாகச் சரிபார்க்கப்பட்டது.

## சோதனை மேசையில் தெரிந்த பிழை

முதல் வரைவு புதிதாக எழுப்பிய கருவியில் அப்பழுக்கின்றி ஓடியது. அதை நம்பாமல், நினைவகத்தை வேண்டுமென்றே சிதறடிக்கும் ஒரு சோதனை மாட்யூலையும் குழு எழுதியிருந்தது. அது சுமார் 120 எம்.பி.யை ஒற்றை ஒற்றைப் பக்கமாக எடுத்து, பிறகு ஒன்றுவிட்டு ஒன்றை விடுவிக்கும். 60 எம்.பி. காலியாகும். ஆனால் ஒவ்வொரு காலிப் பக்கத்துக்கும் அண்டையில் நகராத பக்கம் ஒன்று இருப்பதால் எதுவும் எதனோடும் சேராது. காம்பாக்‌ஷனும் ஒன்றும் செய்ய முடியாது. `buddyinfo`-வில் முதல் எண் மட்டும் வீங்கி, மற்றவை ஏறக்குறைய வற்றிவிடும்.

அந்த நிலையில் பழைய ட்ரைவர் முதல் பஃபரிலேயே தோற்றது, எதிர்பார்த்ததே. புதிய ட்ரைவர் திறந்தது, ஆனால் ஒவ்வொரு பஃபரிலும் முதல் 64 கே.பி. மட்டும் சரியாக இருந்தது. மீதியில் பழைய தரவு.

`sg_alloc_table_from_pages` ஒட்டியிருக்கும் பக்கங்களைச் சேர்த்து ஒரே பதிவாக்கிவிடும். எழுந்த புதிதில் 32 பக்கங்களும் பெரும்பாலும் அடுத்தடுத்துக் கிடைப்பதால், நான்கைந்து விவரிப்புகளே போதுமாக இருந்தன. எழுதியவர் தாராளமாக வைப்பதாக நினைத்துச் சங்கிலியில் தரவுக்கு 16 இடம் ஒதுக்கியிருந்தார். சிதறிய நினைவகத்தில் 32 பக்கத்துக்கும் 32 விவரிப்பு தேவைப்பட்டது. பதினாறோடு சங்கிலி அறுந்தது. 16 × 4 கே.பி. = 64 கே.பி. பிழை எங்கே என்பதை அந்த எண்ணே காட்டிக் கொடுத்தது.

சங்கிலியின் நீளம் மோசமான நிலைக்கான 33 ஆக்கப்பட்டது: ஹெடருக்கு ஒன்று, தரவுக்கு 32. விவரிப்பு ஒன்றுக்கு 16 பைட். பஃபருக்கு 528 பைட். சுத்தமான நினைவகத்தில் மட்டும் சோதித்திருந்தால் இந்தப் பிழை களத்துக்குப் போய், இரண்டு வாரம் கழித்து, பிழைச் செய்தி எதுவும் இல்லாமல் தவறான அதிர்வுத் தரவாக வெளிப்பட்டிருக்கும். பழைய பழுதாவது நின்று சொன்னது.

## விளைவு

எட்டு பஃபர்களின் உள் விரயம் 10,48,064 பைட்டிலிருந்து 3,584 பைட்டாக இறங்கியது. அந்த மிச்சமும் ஹெடர்களின் பக்கத்தில் பயன்படாத பகுதி. 33 பக்கத்தை அப்படியே வைத்திருந்தால் பஃபருக்கு 4,032 பைட் போயிருக்கும். ஹெடரைப் பிரித்ததன் பயன் இங்கேயும் தொடர்கிறது. பக்க அளவு 64 கே.பி. உள்ள ஒரு சிப்பில் இதே ஹெடர் ஒட்டிய பஃபருக்கு மூன்று பக்கம் வேண்டும், 65,472 பைட் வீணாகும். பக்கம் பெரிதானால் அட்டவணை சிறுக்கும், கடைசிப் பக்கத்து விரயம் பெருக்கும்.

`cron` கட்டளை எல்லாக் கருவியிலிருந்தும் நீக்கப்பட்டது. திருத்திய பதிப்பு ஓடும் கருவிகளில் எழுபது நாள் தாண்டியவை உள்ளன. அவற்றில் ஆர்டர் 6-இன் `extfrag_index` இப்போதும் 0.9-க்கு மேல்தான் இருக்கிறது. நினைவகம் முன்போலவே சிதறிக் கிடக்கிறது. அதன் மேல் எதுவும் சார்ந்திருக்கவில்லை, அவ்வளவே. 32 பஃபர்களோடு மூடித் திறக்கும் சோதனை, சிதறடித்த நிலையில், 5,000 சுற்றும் தோல்வியின்றி முடிந்தது.

ஒரு செலவு உண்டு. பஃபர் ஒன்றுக்கு 32 தடவை ஒதுக்கி, அட்டவணை அமைத்துத் திறப்பதால் சாதனம் திறக்கும் நேரம் சில மில்லிநொடிகள் கூடியது. ஓடும்போது வேறுபாடு தெரியவில்லை.

## மாறியவை, மாற வேண்டியவை

தினமும் ஒருமுறை `buddyinfo` வரியைக் கருவியின் சொந்த லாகில் எழுதுவது வழக்கமாகிவிட்டது. மறுதொடக்கம் செய்தால் சிதறலின் தடயம் முழுதும் அழிந்துவிடும். முதல் நான்கு கருவிகளில் மூன்றை அப்படித்தான் இழந்தார்கள்.

ட்ரைவர்களில் நிலையான அளவுள்ள `kmalloc` ஒவ்வொன்றின் மேலும் இப்போது ஒரு வரி இருக்கிறது:

```c
BUILD_BUG_ON(get_order(FRAME_BYTES) > 3);
```

32 கே.பி.யைத் தாண்டும் கோரிக்கை தொகுக்கும்போதே நின்றுவிடும். ஹெடர் சேர்த்த அன்று இது இருந்திருந்தால், பழைய 128 கே.பி. கோரிக்கையே இந்த எல்லைக்கு மேல் என்பதால் விவாதம் அன்றே தொடங்கியிருக்கும். அளவு ஓடும்போது முடிவாகும் இடங்களை இந்த வரியால் பிடிக்க முடியாது. அப்படி இன்னும் இரண்டு இடங்கள் நெட்வொர்க் ட்ரைவரில் மீதியிருக்கின்றன; அவை இதுவரை தோற்கவில்லை, ஆனால் இரண்டும் ஆர்டர் 4. சிதறடிக்கும் மாட்யூல் வெளியீட்டுச் சோதனையில் சேர்க்கப்பட்டுவிட்டது. அடுத்து அதை ஓட்டிப் பார்க்க வேண்டியது அந்த இரண்டு இடங்களின் மேல்தான்.